உறுதியில் எழுதப்படாத இழப்பு: யாழ்ப்பாணச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்தில் அச்சாகும் நாளேடுகளினதும், இங்கிருந்து இயங்கும் இணையச் செய்தித் தளங்களினதும் மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து, காணி உறுதிகளை எழுதியும் படியெடுத்தும் ஓய்வு பெற்றவன். செய்தித்துறை பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால், ஒரு காணியோ வீடோ கைமாறும்போது எது எழுதப்படுகிறது, எது எழுதப்படாமல் போகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் இந்த மடலை எழுதுகிறேன்.

சென்ற மாதம் உங்களில் ஒருவர் வெளியிட்ட செய்தியொன்றில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் தமிழர் செறிந்து வாழும் பகுதியொன்று ‘புதுப்பொலிவு பெறுகிறது’ என்று தலைப்பிடப்பட்டிருந்தது. அதன் ஆங்கில மூலத்தை என் மருமகன் அனுப்பிவைத்தார். அதில் இருந்த சொல் ‘ஜென்ட்ரிஃபிக்கேஷன்’; வசதி படைத்தோர் வர, முன்னிருந்த வசதி குறைந்தோர் வெளியேற நேரும் மாற்றத்தைக் குறிப்பது அது. அச்சொல் தமிழுக்கு வந்தபோது ‘புதுப்பொலிவு’ ஆகிவிட்டது. அந்தப் பகுதியில் பதினெட்டு ஆண்டுகள் குடியிருந்து, 2024இல் வெளியேறியவர் என் தங்கை. ஆகவே இதை ஒரு மொழிபெயர்ப்புப் பிழையாக மட்டும் எண்ணிக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

தங்கையின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் பொறி முழுவதும் அதில் இருக்கிறது. அவர் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில், இரண்டு அறை வீடொன்றில் 2006 முதல் வாடகைக்கு இருந்தார். ஒன்ராறியோ மாகாணத்தில், பழைய கட்டடங்களில் குடியிருக்கும் ஒருவருடைய வாடகையை வீட்டுக்காரர் தம் விருப்பப்படி உயர்த்த முடியாது. ஆண்டுக்கு இத்தனை வீதம் என்று மாகாண அரசு வரம்பு விதிக்கிறது; 2024இல் அது 2.5 வீதம். தங்கையின் வாடகை அப்போது 1,240 டொலர் என்பதால், அந்த ஆண்டு கூட்டக்கூடிய தொகை 31 டொலர்தான். ஆனால் குடியிருப்பவர் வெளியேறிவிட்டால் அடுத்து வருபவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். வரம்பு வீட்டுக்கு இல்லை, அதில் இருக்கும் ஆளுக்குத்தான். பக்கத்து வீடு காலியானபோது சுவருக்கு நிறம் பூசி, தரையை மாற்றி, 2,300 டொலருக்குக் கொடுத்தார்கள். கட்டடம் அதே கட்டடம். தெருவும் பேருந்துத் தரிப்பிடமும் மாறவில்லை. தங்கை அங்கே இருந்ததனால் கட்டட உரிமையாளருக்கு மாதம் ஆயிரத்துக்கு மேற்பட்ட டொலர் கிடைக்காமல் போய்க்கொண்டிருந்தது என்பதுதான் இதன் பொருள்.

அதன்பின் வந்தது ‘என்-13’ என்ற படிவம். பெரிய திருத்த வேலை செய்யவிருப்பதால் வீட்டைக் காலிசெய்யும்படி கேட்கும் அறிவித்தல் அது. அதற்கு 120 நாள் அவகாசம் உண்டு. திருத்த வேலை முடிந்தபின் பழைய வாடகைக்கே திரும்பிவரும் உரிமையும் குடியிருந்தவருக்குச் சட்டப்படி உண்டு; ஆனால் திரும்பிவர விரும்புவதை வெளியேறுவதற்கு முன்னரே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். தங்கை அதை எழுதிக்கொடுக்கவில்லை. அப்படி ஒன்று எழுத வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அண்ணன் முப்பத்தொரு ஆண்டுகள் எழுத்துவேலை பார்த்தவன் என்பதை நினைக்கும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. மூன்று மாத வாடகையை இழப்பீடாகப் பெற்றுக்கொண்டு ஒசாவாவுக்குப் போய்விட்டார். வேலை பழைய இடத்தில்தான். விடிய நாலரைக்கு எழும்புகிறார். இப்படிப்பட்ட வெளியேற்றங்களைக் கட்டுப்படுத்த ரொறன்ரோ மாநகரம் ஒரு துணைவிதியை இயற்றி 2025 யூலை 31 முதல் நடைமுறைப்படுத்தியது. அது அவருக்கு உதவவில்லை.

இப்போது அந்தச் சொல்லின் பிறப்புக்கு வருகிறேன். 1964இல் லண்டனில் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் அதை உருவாக்கினார். ‘ஜென்ட்ரி’ என்பது ஆங்கில நாட்டுப்புறத்தில் பிரபுக்களுக்கு அடுத்த படியிலிருந்த, காணி உடைய கனவான் வர்க்கம். தொழிலாளர் குடும்பங்கள் அறையறையாகப் பிரித்துக் குடியிருந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக நடுத்தர வர்க்கத்தின் கைக்கு மாறி, விலையுயர்ந்த தனிவீடுகளாவதைக் கண்ட அவர், ‘கனவான்கள் வந்துவிட்டார்கள்’ என்ற ஏளனத்தோடுதான் இச்சொல்லைப் படைத்தார். இது ஓரிடத்தில் தொடங்கினால், முன்னிருந்த உழைக்கும் குடும்பங்களில் பெரும்பாலானோர் வெளியேறி, அவ்விடத்தின் சமூக இயல்பே மாறும்வரை விரைந்து நடக்கும் என்பதே அவருடைய கருத்து. சொல் பிறந்த அன்றே வெளியேற்றம் அதன் பொருளுக்குள் இருந்தது. பின்னர் யாரோ கோபத்தில் ஏற்றிய பொருள் அன்று அது.

அக்கால லண்டனில் இன்னொரு ஒற்றுமையும் உண்டு. 1957இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட வாடகைச் சட்டம், பழைய குடியிருப்பாளர் வெளியேறியதும் அந்த வீட்டுக்கான வாடகைக் கட்டுப்பாடு நீங்கும்படி செய்தது. ஒன்ராறியோவில் 1998இல் வந்த மாற்றமும் அத்தகையதே. இருக்கும் ஆள் போனால்தான் இடத்துக்குப் புதிய விலை பிறக்கும் என்று சட்டம் அமைந்துவிட்டால், ஆளைப் போகவைப்பது ஒரு தொழிலாகிவிடுகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், நெடுநாள் குடியிருந்தவர்கள் ஏன் இச்சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள் என்பது விளங்கும். புதிய தேநீர்க் கடையிலோ நடைபாதை விளக்கிலோ அவர்களுக்கு வெறுப்பில்லை. அந்த விளக்கு எரியத் தொடங்குவதும் தங்களுக்கு அறிவித்தல் வருவதும் ஒரே காலத்தில் நடப்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நேர்மையாக ஒரு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நியூயோர்க் நகரின் 1990களின் தரவுகளை ஆராய்ந்து லான்ஸ் ஃபிறீமன், ஃபிறாங் பிறக்கோனி என்ற இருவர் 2004இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வாறு மாறிக்கொண்டிருந்த பகுதிகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள், ஏனைய பகுதிகளின் ஏழைக் குடும்பங்களைவிடக் குறைவாகவே இடம் மாறின என்று கண்டது. இதைப் படித்தபோது நான் திகைத்தேன். ஆனால் அந்நகரில் வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடுகள் ஏராளம் என்பதைச் சேர்த்து எண்ணினால் திகைப்புக் குறைகிறது. இருக்க முடிந்தவர்கள், நல்ல கடையும் பாதுகாப்பான தெருவும் வந்த பிறகு இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள், யார்தான் இருக்கமாட்டார்கள்? ஆனால் அவர்கள் இறந்தோ முதுமையினாலோ போகும்போது, அவர்களைப் போன்ற இன்னொரு குடும்பம் அந்த வீட்டுக்கு வர முடியாது. பீற்றர் மார்க்கூஸ் என்ற அறிஞர் 1985இலேயே இதையும் வெளியேற்றத்தின் ஒரு வகையாகக் கணக்கிட்டார். எவரையும் துரத்தாமலே ஓரிடத்தின் கதவை ஒரு வகுப்பாருக்கு மூடிவிடலாம்.

செய்திகளில் இது மறைந்துபோவதற்குப் பெரிய காரணம் சராசரி. ‘இப்பகுதியின் சராசரி வருமானம் உயர்ந்துள்ளது’ என்ற வரி ஏறக்குறைய எல்லா நகரச் செய்திகளிலும் வருகிறது. ஒரு கற்பனை ஒழுங்கையை எடுத்துக்கொள்வோம். அங்கே பத்துக் குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் மாதம் 60,000 ரூபா வருமானம். நாலு குடும்பங்கள் போய், மாதம் 3 இலட்சம் ரூபா உழைக்கும் நாலு குடும்பங்கள் வருகின்றன. ஒழுங்கையின் சராசரி வருமானம் 60,000இலிருந்து 1,56,000 ரூபாவாகிவிடும். எஞ்சிய ஆறு குடும்பங்களுக்கு ஒரு சதம்கூடக் கூடவில்லை. போன நாலும் இப்போது வாடகை கூடிய இடத்திலோ தூரத்திலோ இருக்கின்றன. கணக்குப் பிழையில்லை. ஆனால் ‘ஒழுங்கை முன்னேறிவிட்டது’ என்று அதை வாசித்தால் அது பொய். கணக்கில் சேர்ந்தவர்கள் மாறிவிட்டார்கள், அவ்வளவுதான்.

‘இதெல்லாம் கனடாவிலும் லண்டனிலும் நடப்பது, யாழ்ப்பாணத்துக்கு என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். பெருமளவுக்கு அது நியாயமான கேள்வி. இங்கே பெரும்பாலானோர் சொந்த வளவில் இருப்பவர்கள். வீட்டுத் தொடர்களை மொத்தமாக வாங்கும் கம்பனிகள் இல்லை. காணி விலையை ஏற்றுவது அநேகமாக எங்கள் சொந்தப் பிள்ளைகள் அனுப்பும் காசு. ஆகவே அந்தச் சொல்லைக் கொண்டுவந்து இங்குள்ள எல்லா மாற்றத்தின் மீதும் ஒட்டக்கூடாது. ஆனாலும் எங்கள் ஒழுங்கையில் நடந்ததை எழுதுகிறேன். பெயர் எதுவென்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நல்லூர்க் கோயில் மணி தெளிவாகக் கேட்கும் தூரத்தில், நாலு பரப்பு வளவு ஒன்று. (வெளியூர் வாசகருக்காக: பதினாறு பரப்பு ஓர் ஏக்கர்.) உரித்தாளிகள் மூவர் வெளிநாட்டில், ஒருவர் இங்கே. வளவில் ஒரு பழைய கல்வீடும், தெருவோரம் ஓர் அறையும், பின்புறம் இரண்டு சிறு வீடுகளும், ஒரு பங்குக் கிணறும். பழைய வீட்டைப் பார்த்துக்கொள்வதற்காக ஒரு குடும்பம் வாடகையின்றி இருந்தது; பின்வீடுகளில் இரண்டு குடும்பங்கள் சிறு வாடகைக்கு; முன்னறையில் ஒரு தையற்காரர் பதினாலு ஆண்டுகள். கிணற்றடியால் அடுத்த ஒழுங்கைக்கு ஒரு நடைபாதை போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கோயிலுக்குப் போகும் கிழவிகளும் அதனால்தான் போனார்கள். 2009இற்குப் பின் ஏ9 வீதியால் மக்கள் தடையின்றி வந்துபோகத் தொடங்கிய காலத்திலிருந்தே இக்காணிக்குக் கேள்வி இருந்தது. 2017இல், மூவரும் கொடுத்த அற்றோர்ணித் தத்துவத்தின் பேரில் முழுக் காணியும் விற்கப்பட்டது. இப்போது அங்கே திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருவோர் தங்கும் விடுதியொன்று நிற்கிறது. அழகான கட்டடம், குறை சொல்லமாட்டேன்.

அந்த உறுதியை நான் எழுதவில்லை; ஆனால் அதுபோல நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். நாலு எல்லையும் எழுதுவோம். பரப்பும் குழியும் எழுதுவோம். வீடு, கிணறு, பயன்தரு மரங்கள் என்று எழுதி, கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் இருந்தால் அவற்றையும் எழுதுவோம். விலையை எழுத்திலும் எண்ணிலும் எழுதுவோம். தையற்காரரின் பதினாலு ஆண்டுகளை எழுத அதில் இடமில்லை. பின்வீட்டுக்காரர்கள் கிணற்றில் அள்ளியது உரிமையால் அன்று, சொந்தக்காரர் விட்டதனால். ஆகவே கிணற்றுக்குப் பூட்டு வந்தபோது அவர்கள் கேட்க ஒரு கடதாசியும் இல்லை. நடைபாதை எந்த உறுதியிலும் வழியாகக் குறிக்கப்படவில்லை. மதில் எழுந்தபோது அது நின்றுவிட்டது. எதுவும் சட்டத்துக்கு மாறாக நடக்கவில்லை. அதனால்தான், இழந்தவர்களுக்குத் தாம் எதை இழந்தோம் என்று சொல்வது அவ்வளவு கடினமாக இருந்தது. இடம்பெயர்ந்துவிட்டீர்களா என்று தையற்காரரைக் கேட்டேன். “இடம்பெயரேல்லை ஐயா, 95இல இடம்பெயர்ந்தனாங்கள். இது வீடு மாறினது” என்றார். எங்கள் ஊரில் அந்தச் சொல் ஒக்ரோபர் 30 இரவுக்கு உரியது. ஷெல் விழாமல் போகிறவருக்கு அதைச் சொந்தமாக்க ஒரு கூச்சம் இருக்கிறது. ஆகவே அவருக்கு ஒரு சொல்லும் இல்லை.

எங்கள் தேசவழமை இந்தக் கேள்வியை முழுதாக மறந்ததில்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்டபோதே, காணி விற்க எண்ணுபவர் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், அக்காணியை ஈடாக வைத்திருக்கும் அயற்காணிக்காரருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்ற வழமை அதில் இருந்தது. 1947ஆம் ஆண்டின் சட்டம் அதைக் கூட்டுரிமையாளருக்கும் உரித்தாளருக்குமாகச் சுருக்கியது. அயலவர் பட்டியலிலிருந்து நீங்கினார். வாடகைக்கு இருந்தவர் அப்பட்டியலில் என்றுமே இருந்ததில்லை.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே பழைய வழமைகளின் நிழலில்தான், இன்னாருக்குக் காணி விற்கக்கூடாது என்ற சாதிக் கட்டுப்பாடும் தலைமுறை தலைமுறையாக நின்றது. வெளிநாட்டு உழைப்பால், ஒருகாலத்தில் படலைக்கு வெளியே நிறுத்தப்பட்ட குடும்பத்தின் பிள்ளை பெருந்தெருவில் வீடு வாங்கும்போது, ‘ஊர் கெட்டுப்போச்சு’ என்று பெருமூச்சு விடும் குரல்களை நான் எங்கள் அலுவலக வாங்கிலேயே கேட்டிருக்கிறேன். அதை இந்தச் சொல்லுக்குள் நுழைய விடாதீர்கள். அவர்கள் வீட்டை இழக்கவில்லை, தண்ணீரை இழக்கவில்லை, நடையை இழக்கவில்லை. அயலவரைத் தெரிவுசெய்யும் அதிகாரத்தை மட்டும் இழந்தார்கள். பழைய குடியிருப்பாளர் என்று உங்கள் முன் வருபவர் இருக்க முடியாமல் போனவரா, யார் வந்தார் என்பதைப் பொறுக்க முடியாதவரா என்று ஒரு நிருபர் கேட்டு எழுதலாம். இரண்டு கேள்வியும் அரை மணி நேர வேலை.

இனி, தமிழில் இதற்கு என்ன சொல் என்பது. ‘அழகுபடுத்தல்’, ‘அபிவிருத்தி’, ‘புதுப்பொலிவு’ மூன்றும் பிழை. அவை கட்டடத்தைப் பற்றிய சொற்கள், ஆங்கிலச் சொல்லோ ஆட்களைப் பற்றியது. ‘மேட்டுக்குடியாக்கம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது பரவாயில்லை, யார் வந்தார் என்பதைச் சொல்கிறது, யார் போனார் என்பதைச் சொல்லவில்லை என்ற குறை மூலச்சொல்லுக்கும் உண்டு. ‘மேட்டுக்குடியேற்றம்’ என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எங்கள் நாட்டில் ‘குடியேற்றம்’ என்றதும் அரசு நடத்திய காணித் திட்டங்களும் அவற்றின் இன அரசியலும் கூடவே வந்துவிடும் என்பதால் கைவிட்டேன். ‘மேட்டுக்குடியாக்கம்’ என்று எழுதி, முதல்முறை வரும்போது ‘வசதி படைத்தோர் வர, வசதி குறைந்தோர் இருக்க முடியாமற்போகும் மாற்றம்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

சொல்லைவிட எனக்கு வேண்டியது வேறொன்று. நகரத்தில் ஒரு கட்டடம் எழும் செய்தியை எழுதும்போது, அதற்குமுன் அந்த இடத்தில் யார் எந்த முறையில் இருந்தார்கள் என்று எழுதுங்கள்: சொந்தக்காரரா, பங்காளியா, வாடகைக்கா, பார்த்துக்கொள்ள இருந்தவரா. எவ்வளவு காலம், இப்போது எங்கே, முன்பு என்ன வாடகை, இப்போது என்ன. காணிப் பதிவகத்தில் உறுதியைத் தேடினால் விற்றவர், வாங்கியவர், விலை மூன்றும் கிடைக்கும். மற்றவை அங்கே கிடையா. பக்கத்து வீட்டுப் படலையைத் தட்டித்தான் கேட்க வேண்டும். உங்கள் செய்தியைத் தவிர அவை எழுதப்படக்கூடிய வேறு தாள் எங்கும் இல்லை.

ஸ்காபரோச் செய்தியை வெளியிட்ட ஆசிரியருக்குத் தனியே ஒரு வேண்டுகோள். அதன் ஆங்கில மூலத்தில் வெளியேறிய இரண்டு குடும்பங்களைப் பற்றிய பந்திகள் இருந்தன. தமிழில் அவை விடுபட்டுள்ளன. அவற்றைச் சேர்த்து, தலைப்பையும் திருத்தி மீண்டும் வெளியிட இயலுமாயின், தங்கைக்கு அனுப்பிவைக்க எனக்கு ஒரு பிரதி வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நொத்தாரிசு எழுதுவினைஞர் ஒருவர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.